டியூ முழுவதும் செலவா? தவணையில் எடுத்த லேத்துக்கு அசலும் வட்டியும் பிரிக்கும் கணக்கு

கேள்வி: ஐயா, சூரமங்கலத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 2025 ஜூன் 30 அன்று புது சி.என்.சி. லேத் ஒன்றை ஹெச்.பி.யில் எடுத்தேன். மெஷின் விலை 12 லட்சம், ஜி.எஸ்.டி. 2,16,000. ஜி.எஸ்.டி.யையும் 3 லட்சத்தையும் கையில் இருந்து கட்டிவிட்டேன். மீதி 9 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, 36 மாதம், மாதம் 31,750 டியூ. மாதக் கடைசி நாளில் பேங்கில் பிடித்துக்கொள்கிறார்கள். மார்ச் வரை ஒன்பது டியூ போய்விட்டது. கணக்கு எழுதும் தம்பி டியூ முழுவதையும் ‘மெஷின் வாடகை’ என்று செலவில் எழுதியிருக்கிறார். ஃபைனான்ஸில் கேட்டால் மாதம் 25,000 அசல், 6,750 வட்டி என்கிறார்கள். பேங்கில் வேலை பார்க்கும் என் மச்சான், முதல் மாத வட்டியே 12,000-க்கு மேல் வரும் என்கிறார். யார் சொல்வது சரி? வரிக்கு எதைக் காட்டுவது?
— பட்டறை உரிமையாளர், சேலம்

பதில்: உங்கள் மச்சான் சொல்வதுதான் கணக்குப்படி சரி. ஃபைனான்ஸ்காரர் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்பதைப் பொறுத்து, வரிக்கணக்கில் அவருடைய 6,750-க்கும் ஓர் இடம் வரலாம். தம்பி எழுதியது மட்டும் எந்த வழியில் பார்த்தாலும் நிற்காது.

முதலில் அந்த 9 சதவீதத்தைப் பார்ப்போம். 9 லட்சத்துக்கு ஆண்டுக்கு 81,000 வட்டி, மூன்று ஆண்டுக்கு 2,43,000. அசலோடு கூட்டினால் 11,43,000. அதை 36-ஆல் வகுத்தால் 31,750. இதைத்தான் நம் ஊரில் பிளாட் வட்டி என்கிறோம். மூன்று வருஷமும் 9 லட்சம் முழுவதும் உங்கள் கையிலேயே இருப்பதாக வைத்துப் போட்ட வட்டி இது. உண்மையில் அப்படி இல்லையே? ஒவ்வொரு டியூவிலும் கொஞ்சம் அசல் திரும்பிப் போகிறது. கடைசி வருஷத்தில் நீங்கள் வைத்திருக்கும் பணம் மிகக் குறைவு. ஆக, உண்மையில் நிற்கும் பாக்கியின் மேல் பார்த்தால் வட்டி விகிதம் 9-ஐ விட ரொம்ப அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதை எக்செல் ஒரே வரியில் சொல்லிவிடும்.

```
=RATE(36,-31750,900000)
```

விடை மாதத்துக்கு 1.3537 சதவீதம். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 16.24 சதவீதம். கடன் எடுக்கும்போது இந்த எண்ணை யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்துக்கு வேண்டியது இதுதான்.

இனிப் பிரிப்பது சுலபம். ஜூன் 30 அன்று பாக்கி 9,00,000. அதற்கு ஒரு மாத வட்டி 1.3537 சதவீதம், அதாவது 12,183. ஜூலை 31 அன்று கட்டிய 31,750-இல் இதைக் கழித்தால் மீதி 19,567 அசலுக்குப் போகிறது. பாக்கி 8,80,433. ஆகஸ்டில் இந்தப் பாக்கிக்குத்தான் வட்டி, அது 11,918. அசல் 19,832, பாக்கி 8,60,601. செப்டம்பரில் வட்டி 11,650. இப்படியே வட்டி தேய்ந்து, அசல் வளர்ந்துகொண்டே போகும். 36-வது டியூவில் வட்டி 424 ரூபாய் மட்டும்தான். அதோடு பாக்கி பூஜ்யம் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் விகிதத்திலோ டியூ எண்ணிக்கையிலோ எங்கோ பிசகு என்று அர்த்தம்.

ஒவ்வொரு மாதமாகப் போட நேரமில்லை, வருஷத்துக்கு மட்டும் போதும் என்றால் இதைப் போடுங்கள்.

```
=CUMIPMT(RATE(36,-31750,900000),36,900000,1,9,0)
```

1, 9 என்பவை முதல் டியூ முதல் ஒன்பதாவது டியூ வரை என்பதைக் குறிக்கின்றன. விடை மைனஸில் 99,806 என்று வரும். மைனஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வெளியே போகும் பணம் என்பதற்கான அடையாளம்தான் அது. அடுத்த வருஷத்துக்கு 1, 9 இருக்கும் இடத்தில் 10, 21 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடனுக்கு நான்கு நிதியாண்டுகளுக்கும் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் ஃபைனான்ஸ்காரர் சொன்ன சம வட்டியையும் வைத்திருக்கிறேன்.

| நிதியாண்டு | டியூ | குறையும் பாக்கியில் வட்டி | சமமாகப் பிரித்த வட்டி |
|---|---|---|---|
| 2025-26 | 9 | 99,806 | 60,750 |
| 2026-27 | 12 | 95,346 | 81,000 |
| 2027-28 | 12 | 45,326 | 81,000 |
| 2028-29 | 3 | 2,522 | 20,250 |

இரண்டு பத்தியிலும் மொத்தம் 2,43,000-தான். எந்த ஆண்டில் எவ்வளவு விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

‘மொத்தம் ஒன்றுதானே, 25,000 - 6,750 என்று எழுதினால் வேலை சுலபம் அல்லவா?’ என்று கேட்பீர்கள். சுலபம்தான். ஆனால் பேரேட்டில் நிற்கும் கடன் பாக்கி பொய்யாகிவிடும். பதினெட்டாவது டியூ கட்டியதும், வேறு இடத்தில் வட்டி குறைவாகக் கிடைக்கிறது என்று கணக்கை முடிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமமாகப் பிரித்த கணக்கில் பாக்கி 4,50,000 என்று இருக்கும். ஃபைனான்ஸ் கம்பெனி தன் கணிப்பொறியைப் பார்த்து 5,04,192 என்று சொல்லும், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் தனி. 54,000 ரூபாய் எங்கே போயிற்று என்று அவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கவுண்டரில் இருப்பவர் வாய்மொழியாகச் சொல்வது பிளாட் கணக்கு. உள்ளே கம்ப்யூட்டரில் ஓடுவது குறையும் பாக்கிக் கணக்கு. கேட்டால் தவணை அட்டவணையை அச்சிட்டுத் தருவார்கள். அதில் முதல் மாத வட்டி 12,000-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். நாமக்கல், சேலம் பக்கம் லாரி வாங்கிய காலத்துப் பழக்கத்தில், தவணையில் எடுத்த எதையும் ஹெச்.பி. என்றே சொல்லிவிடுகிறோம். அசல் ஹெச்.பி.யில் மெஷினை ஃபைனான்ஸ்காரர் தன் பணத்தில், தன் பெயரில் வாங்கி உங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். கடைசித் தவணை கட்டி, ஒப்பந்தத்தில் சொன்ன சிறு தொகையையும் கொடுத்த பிறகுதான் மெஷின் உங்களுக்குச் சொந்தம். நடுவில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. இன்று பெரும்பாலும் நடப்பது வேறு. மெஷினை நீங்கள் நேரடியாக வாங்குகிறீர்கள், பில் உங்கள் பெயரில் வருகிறது, கம்பெனி உங்களுக்குக் கடன் கொடுத்து மெஷினை ஈடாக எழுதி வாங்கிக்கொள்கிறது. இது ஹைப்பாதிகேஷன் கடன்.

ஆக, ஒப்பந்தத்தின் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுந்தரம் பைனான்ஸ் கம்பெனிக்கும் கேரள அரசுக்கும் இடையிலான வழக்கில் (தீர்ப்புத் தொகுப்பில் 1966) உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு இதைத்தான் சொன்னது. தாளில் ஹெச்.பி. என்று எழுதியிருந்தாலும், வண்டியை உண்மையில் வாங்கியவர் வாடிக்கையாளர், கம்பெனி கொடுத்தது கடன், ஒப்பந்தம் அதற்கான பாதுகாப்பு என்றார்கள். அது விற்பனை வரி வழக்கு. இருந்தாலும் ஒப்பந்தத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழி எல்லா வரிக்கும் பொருந்தும். (தவணைக் கொள்முதலுக்கென்றே 1972-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அது ஒருநாள்கூட நடைமுறைக்கு வராமல் 2005-இல் ரத்தும் ஆகிவிட்டது. அதனால்தான் ஒவ்வொருவர் ஒப்பந்தமும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.)

உங்களிடம் இருக்கும் காகிதங்களில் முதலில் மெஷின் பில்லை எடுங்கள். நீங்கள் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் கட்டியதாக எழுதியிருப்பதால், பில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஜி.எஸ்.டி. தளத்தில் உங்கள் GSTR-2B-இல் மெஷின் விற்ற கம்பெனியின் பெயரில் 2,16,000 தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வாங்கியவர் நீங்கள்தான். ஒப்பந்தத்திலும் ‘கடன்’, ‘ஹைப்பாதிகேஷன்’ என்ற சொற்கள் இருந்தால் சந்தேகமே இல்லை, உங்களுடையது கடன். பில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயரில் இருந்து, அவர்கள் உங்களுக்குத் தனியாக பில் போட்டிருந்தால் அது உண்மையான ஹெச்.பி. ஆக இருக்க வாய்ப்பு உண்டு.

கடன் என்றால் வரிக்கும் புத்தகத்துக்கும் ஒரே எண்தான். 2025-26-க்கு வட்டிச் செலவு 99,806. கட்டிய அசல் 1,85,944 செலவே அல்ல, கடன் குறைந்தது மட்டும்தான். அந்த அசலுக்கு ஈடாக உங்களுக்குக் கிடைப்பது தேய்மானம்.

உண்மையான ஹெச்.பி. என்றால் புத்தகத்தில் இதே குறையும் பாக்கி முறைதான். வரியில்தான் வழி மாறுகிறது. 1943-இல் வருமான வரித் துறை வெளியிட்ட ஒரு சுற்றறிக்கைதான் இதற்கு அடிப்படை. பொருளை அன்றைக்கு ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன விலையோ அதன் மேல், எடுத்தவருக்கே தேய்மானம். மொத்தமாகக் கட்டும் தொகைக்கும் ரொக்க விலைக்கும் உள்ள வித்தியாசம் வாடகைச் செலவு, அதை ஒப்பந்த காலம் முழுவதற்கும் சமமாகப் பிரித்துக் கழிக்க வேண்டும். பார்த்தீர்களா, ஃபைனான்ஸ்காரரின் 6,750 இங்கேதான் வருகிறது. அப்போது இந்த ஆண்டு புத்தகத்தில் 99,806 இருந்தாலும் வரிக்கு 60,750 மட்டும். வித்தியாசமான 39,056-ஐ வரிக்கணக்கில் லாபத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும், அடுத்த ஆண்டு 14,346-ஐயும் அப்படியே. 2027-28-இல் 35,674-ஐயும் அதற்கடுத்த ஆண்டு 17,728-ஐயும் கழித்துக்கொள்ளலாம். கூட்டியது கழித்தது இரண்டும் 53,402-இல் நேர் ஆகிவிடும். நடுவில் மெஷினைத் திருப்பிக் கொடுத்தாலோ, மொத்தமாகக் கட்டி வாங்கிவிட்டாலோ அந்தத் தேதியோடு இந்தச் சமப் பிரிப்பு நின்றுவிடும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது கடன் என்றே தோன்றுகிறது. மேற்கொண்டு அப்படியே வைத்துச் சொல்கிறேன்.

மெஷினின் விலை உங்கள் புத்தகத்தில் 12,00,000. மொத்தமாகக் கட்டப்போகும் 14,43,000 அல்ல. 2,43,000 வட்டியை மெஷின் விலையில் ஏற்றி அதற்கும் தேய்மானம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. ஜி.எஸ்.டி. 2,16,000-ஐயும் விலையில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அதை நீங்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வீர்கள். விலையில் சேர்த்துத் தேய்மானமும் போட்டுவிட்டால் அந்த உள்ளீட்டு வரியை எடுக்கும் உரிமை போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டம் இரண்டில் ஒன்றைத்தான் தருகிறது.

மெஷினுக்குத் தேய்மானம் 15 சதவீதம். ஜூன் 30 முதல் ஓட்டியிருந்தால் 180 நாளைத் தாண்டியதால் முழு ஆண்டுக்கும் கிடைக்கும், 1,80,000. அக்டோபர் பிறந்து சில நாள் கழித்து ஓட்ட ஆரம்பித்திருந்தால் பாதிதான். பழைய வரி முறையில் நீங்கள் இருந்தால், உற்பத்தித் தொழிலில் புது மெஷினுக்கு 20 சதவீதம் கூடுதல் தேய்மானமும் கேட்கலாம். புதிய முறையில் அது கிடையாது.

வந்த அன்றே மெஷின் ஓடியதா என்பதும் முக்கியம். அடித்தளம் போட, மின் இணைப்பில் கூடுதல் லோடு வாங்க என்று இரண்டு மாதம் மெஷின் தார்ப்பாயில் மூடிக்கிடந்திருந்தால், அந்த ஜூலை, ஆகஸ்ட் வட்டி 24,101 அந்த ஆண்டின் செலவில் வராது. மெஷின் விலையில் ஏறி 12,24,101 ஆகும், தேய்மானம் அதன் மேல். வட்டி ஓட ஆரம்பித்த நாளையும் மெஷின் ஓட ஆரம்பித்த நாளையும் தனித்தனியே குறித்து வையுங்கள். முதல் ஜாப்வொர்க் பில்லோ சோதனை ஓட்டச் சான்றோ இருந்தால் கோப்பில் போட்டுவிடுங்கள்.

இப்போது தம்பி எழுதியதைப் பார்ப்போம். ஒன்பது டியூ, 2,85,750-ஐ வாடகை என்று எழுதியிருக்கிறார். சரியான முறையில் வட்டி 99,806, தேய்மானம் 1,80,000, கூட்டினால் 2,79,806. வித்தியாசம் 6,000 ரூபாய்கூட இல்லை. இந்த ஆண்டு லாபத்தைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் உறைக்காது, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் வழியில் செலவு 3,81,000. சரியான முறையில் வட்டி 95,346, தேய்மானம் 10,20,000-இன் மேல் 1,53,000, ஆக 2,48,346. வித்தியாசம் 1,32,654. அதற்கடுத்த ஆண்டு 3,81,000-க்கு எதிரே 1,75,376-தான், வித்தியாசம் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அதிகாரி பார்த்தால் வாடகை என்று எழுதியதில் அசல் பகுதியை மூலதனச் செலவு என்று நீக்குவார், வட்டியோடும் அபராதத்தோடும் வரி கேட்பார். மெஷினையே சொத்தில் காட்டாததால் தேய்மானமும் கேட்காமல் விட்டிருப்பீர்கள். நாளைக்கு பேங்கில் சிசி லிமிட் கேட்டுப் போனாலும், பட்டறையில் கண்ணெதிரே நிற்கும் லேத் இருப்புநிலைக் குறிப்பில் இல்லை என்று கேள்வி வரும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நீங்கள் முழுக் கணக்கு வைக்காமல், விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று உத்தேச முறையில் ரிட்டர்ன் போடுகிறவர் என்றால், வட்டியும் தேய்மானமும் தனியாகக் கழிக்க முடியாது, அந்த சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதாகக் கணக்கு. மெஷினின் மதிப்பும் ஆண்டுதோறும் தேய்மானம் கழிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். அப்போதும் கடன் பாக்கியைச் சரியாக வைத்திருப்பது நல்லது, ஆனால் வரித் தொகை மாறாது.

வட்டிக்கு டி.டி.எஸ். பிடிக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கடன் கொடுத்தது பேங்க் என்றால் தேவையில்லை. தனியார் ஃபைனான்ஸ் கம்பெனி என்றால், முந்தைய ஆண்டில் உங்கள் விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போது 2025-26-இல் ஒரே கம்பெனிக்கு ஆண்டு வட்டி 10,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். டியூ பேங்கில் தானாகப் போய்விடுவதால் பிடிக்க வழியில்லை என்பது எல்லோருடைய புகாரும். நடைமுறையில் வட்டியின் 10 சதவீதத்தை நீங்களே அரசுக்குக் கட்டிவிட்டு, சான்றிதழைக் கொடுத்து கம்பெனியிடம் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதுதான் வழக்கம். கட்டாமல் விட்டால் 99,806-இல் 30 சதவீதம், அதாவது 29,942 ரூபாய், செலவாக ஏற்கப்படாது. கம்பெனி தன் வருமானத்தில் அந்த வட்டியைக் காட்டி வரி கட்டியதற்கு ஆடிட்டர் சான்று கொடுத்தால் தப்பிக்கலாம். உண்மையான ஹெச்.பி. வாடகைக்கு இந்த டி.டி.எஸ். பொருந்தாது என்று துறையே முன்பு சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் டியூவை மாதக் கடைசியில் கட்டுவதால் மார்ச் 31-க்குக் கணக்கு சுத்தமாக முடிகிறது. டியூ தேதி 5 என்று இருப்பவர்கள் மார்ச் 5-க்குப் பிறகு மாதக் கடைசி வரை ஏறிய வட்டியையும் அந்த ஆண்டிலேயே எழுத வேண்டும். பேங்கோ பெரிய ஃபைனான்ஸ் கம்பெனியோ கொடுத்த கடன் என்றால், வட்டியை எழுதினால் மட்டும் போதாது, கட்டியிருக்கவும் வேண்டும். ஆண்டு முடிவில் பாக்கி நின்ற வட்டியை ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டால் அந்த ஆண்டிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் கட்டிய ஆண்டில்தான். டியூ திரும்பிப் போய் அபராதம் கட்டியிருந்தால் அதை அசலிலோ வட்டியிலோ கலக்காமல் தனித் தலைப்பில் எழுதச் சொல்லுங்கள். கலந்தால் அட்டவணை முழுவதும் குழம்பிவிடும்.

முதல் டியூவை மெஷின் எடுத்த அன்றே வாங்கிக்கொள்கிற கம்பெனிகளும் உண்டு. உங்களுக்கு அப்படி இல்லை என்பதால் மேலே உள்ள கணக்கு அப்படியே பொருந்தும். அப்படி வாங்கியிருந்தால் அந்த முதல் 31,750-இல் வட்டியே கிடையாது, முழுவதும் அசல். உண்மையில் நீங்கள் வாங்கிய கடன் 8,68,250, டியூ 35. அதே சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால் ஆண்டு விகிதம் 17.27 சதவீதம் ஆகிவிடும். பட்டறைக்காரர்கள் அடுத்த மெஷின் எடுக்கும்போது பேரம் பேச வேண்டிய இடம் இது.

சரி, ஏற்கெனவே எழுதியதைத் திருத்துவது எப்படி? ஒன்பது பதிவுகளையும் அழித்து எழுத வேண்டாம். மார்ச் 31 தேதியிட்டு ஒரே ஜர்னல் போதும். ‘மெஷின் வாடகை’ தலைப்பில் 2,85,750-ஐ வரவு வைத்து அதைப் பூஜ்யமாக்குங்கள். எதிரே வட்டிக் கணக்கில் 99,806 பற்று, ஃபைனான்ஸ் கம்பெனி கணக்கில் 1,85,944 பற்று. அதற்கு முன்னால், ஜூன் 30 தேதியில் வாங்கிய பதிவு விட்டுப்போயிருக்கிறது. மெஷின் கணக்கில் 12,00,000 பற்று, உள்ளீட்டு ஜி.எஸ்.டி.யில் மத்திய வரி 1,08,000, மாநில வரி 1,08,000 பற்று, விற்ற கம்பெனிக்கு 14,16,000 வரவு. பிறகு விற்ற கம்பெனிக் கணக்கில் பற்று வைத்து, ஃபைனான்ஸ் கம்பெனிக்கு 9,00,000 வரவு வையுங்கள். நீங்கள் கட்டிய 5,16,000-ஐத் தம்பி எங்கோ ‘அட்வான்ஸ்’ என்றோ செலவு என்றோ எழுதியிருப்பார். அதைத் தேடி எடுத்து விற்ற கம்பெனிக் கணக்கில் நேர் செய்யச் சொல்லுங்கள். மெஷின் தவிர செயலாக்கக் கட்டணம், முத்திரைத்தாள் என்று கடன் வாங்கும்போது ஏதாவது கொடுத்திருந்தால் அதற்கும் பில் கேட்டு வாங்கி வையுங்கள். கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. இருந்தால் அதையும் எடுக்கலாம்.

எல்லாம் எழுதி முடித்தபின் ஃபைனான்ஸ் கம்பெனியின் பேரேட்டில் மார்ச் 31 அன்று 7,14,056 வரவு நிற்க வேண்டும். கம்பெனியிடம் அதே தேதிக்குக் கணக்கு விவரம் எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள். நாள் கணக்கில் வட்டி போடும் கம்பெனி என்றால் சில நூறு ரூபாய் முன்பின் இருக்கும், அதை அவர்கள் எண்ணுக்கே மாற்றிக்கொள்ளலாம். 6,75,000 என்று வந்தால் பிளாட் கணக்கை அப்படியே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது இன்றைக்குக் கணக்கை முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தனியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.